துடைப்பத்தின் இரண்டாம் படி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லோர்னா பாஸ்கோ சூப் பொட்டலத்தின் பின்பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். "'சூடாகும்வரை சூடாக்கவும்'. எவ்வளவு சூடு? அது சூடாயிடுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொள்வார். பிறகு காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, பொட்டலத்தின் மேலேயே 'ஓரத்தில் குமிழி வரும்வரை' என்று எழுதிவிட்டுக் கிண்ணத்தை மைக்ரோவேவுக்குள் வைப்பார். அடுத்த நிமிடம் குப்பைக்குப் போகிற பொட்டலம். அதைத் திருத்தி வைத்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. எங்கள் அலுவலகத்தில் வேலை பழக வந்த பயிற்சி ஊழியர். ஆவணங்கள் எழுதும் பயிற்சி ஊழியர். பதவியைச் சொன்னதும் கேட்பவர்கள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்ப்பார்கள். அதற்கு அவர் பழகியிருந்தார். "ஆமா, பயிற்சி ஊழியர்தான். மூட்டு வலி உள்ள பயிற்சி ஊழியர்" என்பார்.

ஸீஹனில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். பதினேழு வயதில் ஹோபார்ட் நகரத்துக்கு வந்து, சில்லறை வேலைகள் பல பார்த்த பிறகு, பத்தொன்பது வருடம் ஒரு பள்ளி நூலகத்தில் உதவியாளராக இருந்தார். ஒரு கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் நூலகத்தைக் காலி செய்து, அங்கே வண்ண வண்ண மெத்தை இருக்கைகளைப் போட்டது. லோர்னாவைக் காலி செய்ததைப் பற்றிக் கடிதத்தின் மூன்றாவது பத்தியில் சொன்னார்கள். கணவர் அதற்கு முன்பே குவீன்ஸ்லாந்துக்குப் போய் அங்கேயே இருந்துகொண்டார். மகன் ரோரி மேற்கே இரும்புச் சுரங்கத்தில், மூன்று வாரம் வேலை, ஒரு வாரம் தூக்கம். லோர்னா ஒரு வருடம் மாலை வகுப்புக்குப் போய், கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் வழிகாட்டி எழுதுவதைப் படித்து, சான்றிதழ் வாங்கினார். நாற்பத்தொரு இடத்துக்கு எழுதிப் போட்டதில் ஒரே ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது. அது எங்கள் இடம்.

பன்னிரண்டு வாரப் பயிற்சி. முடிவில் ஒரு நிரந்தர வேலை. ஒரே ஒன்று. முதல் நாளே மேலாளர் ஜோசலின் அதைத் தெளிவாகச் சொன்னாள். "துடைப்பத்துக்கு ஒரு வழிகாட்டி எழுதிக் குடுங்க லோர்னா. அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம். வேற பரீட்சை எல்லாம் கிடையாது."

துடைப்பம் எங்கள் குழுவின் கருவி. நாங்கள் கிராமப்புற நோயாளிகளை வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் சேவைக்கு மென்பொருள் செய்கிறோம். யாரை, எந்த வாசலில், எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் பதிவுகளாக இருக்கும். முடிந்துபோன பயணங்களும் ரத்தானவையும் நாங்கள் சோதனைக்குப் போட்ட பொய்ப் பதிவுகளும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். அவற்றைக் கூட்டித் தள்ளுவதற்காகக் கேலம் ஸ்ட்ராக்கன் எழுதியது துடைப்பம். பொத்தான், படம், பட்டியல் எதுவும் அதில் கிடையாது. கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்ட வேண்டும். பக்கத்தில் எந்த டிப்போ, எந்தத் தேதிக்கு முன்பு என்று தட்ட வேண்டும். எந்த வரிசையில் எதைத் தட்டுவது என்பது ஆறு வருடமாகக் கேலமின் தலையில் மட்டும் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

கேலமுக்கு முப்பத்து நாலு வயது. கெட்டிக்காரன். அவன் சிரித்தால் சுற்றியிருப்பவர்களும் சிரிப்பார்கள், காரணம் தெரியாமலேயே. லோர்னாவை முதல் வாரத்திலேயே 'டீச்சர்' ஆக்கிவிட்டான்.

"டீச்சர், பாத்ரூம் போகலாமா?"

"போங்க கேலம். கை கழுவிட்டு வாங்க. அதுக்கும் ஒரு வழிகாட்டி எழுதித் தரட்டுமா?"

அவன் முகம் ஒரு நொடி நின்றுவிட்டுப் பிறகு சிரித்தது. மற்றவர்கள் நிஜமாகவே சிரித்தார்கள். அவன் அதை மறக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அப்போது அவன் மேசையில் ஒரு பொம்மை இருந்தது. எங்கள் தீவில் 'பிசாசு' என்றே பெயர்கொண்ட கறுப்பு விலங்கு, பல்லைக் காட்டிக்கொண்டு, இடது காது பிய்ந்து பஞ்சு தெரியும் பொம்மை. குழுவில் யாராவது உண்மையான பதிவுகளைக் கெடுத்துவிட்டால், பொம்மை அவர் மேசைக்குப் போகும். அடுத்தவர் கெடுக்கும்வரை அங்கேயே இருக்கும். கடைசியாக வைத்திருந்தவர்தான் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். விளையாட்டுத்தான். எட்டு மாதமாக அது கேலமிடமே இருந்தது, அது அவனை உறுத்திக்கொண்டிருந்தது.

நான் லோர்னாவுக்கு இரண்டு வாரம் முன்னால் சேர்ந்தவள். நான்கு வருடம் சிலியிலும் ஜார்ஜியாவிலும் படகிலும் விடுதிகளிலும் சுற்றிவிட்டு ஊர் திரும்பி, மூனாவில் அக்கா வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் பொறியாளராக ஆறு மாத ஒப்பந்த வேலை. அதை நீட்டிப்பார்கள் என்று ஒரு கடிதம் கிடைத்தால் ஒரு அறையை வாடகைக்குப் பிடிக்கலாம். அந்தக் கடிதம் வருமா வராதா என்பது கேலம் என்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்பதைப் பொறுத்தது.

லோர்னா வழிகாட்டியை எழுத ஆரம்பிப்பதற்கு முன் மூன்று வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. யார் துடைப்பத்தை எடுத்தாலும் அவர் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேச மாட்டார். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே தட்டியதை அழிக்கிறார்கள், எங்கே "ஐயோ" என்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். கேலமின் பின்னால் உட்கார்ந்தபோது அவன் திரும்பினான்.

"என்ன டீச்சர், மூச்சு பிடரியில படுது. எதுவும் கேக்கணும்னா கேளுங்க."

"கேட்டா நீங்க யோசிச்சுப் பதில் சொல்வீங்க. நீங்க யோசிக்காம என்ன செய்யறீங்கன்னுதான் எனக்கு வேணும்."

"நான் யோசிக்காம எதுவும் செய்யறதில்ல."

"இப்ப ரெண்டு தடவை தேதியைத் தப்பாப் போட்டு அழிச்சீங்க. நாள் எண்ணை முதல்ல போட்டீங்க. இது வருஷத்தை முதல்ல கேக்குது."

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். லோர்னா குறித்துக்கொண்டார்.

அந்த வழிகாட்டி எப்படி வளர்ந்தது என்பதை நான் பார்த்தேன். முதல் வரைவு ஒன்பது பக்கம். ஜோசலின் ஒரே பக்கம்தான் வேண்டும் என்றாள். லோர்னா ஒவ்வொரு சொல்லாகக் கழற்றினார். 'பொருத்தமான டிப்போவைத் தேர்ந்தெடுக்கவும்' என்பது போய், 'டிப்போவின் மூன்றெழுத்துக் குறியைத் தட்டவும், எடுத்துக்காட்டாக ஹூவனுக்கு எச்-யு-ஓ' என்று வந்தது. ஒரு படிக்கு ஒரு செயல். செயலுக்குக் கீழே, சரியாகச் செய்திருந்தால் திரையில் என்ன தெரியும் என்று ஒரு வரி. பிறகு அவர் என்னைச் சோதனைக் கணினியில் உட்காரவைத்துத் தாளைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். ஐந்தாம் படியில் நான் தடுமாறி, "ஸாரி, நான்தான் சரியாப் படிக்கல" என்றேன்.

"அப்படிச் சொல்லாத டெஸ். படிக்கிறவங்க தப்புப் பண்ணினா தப்பு தாள்லதான் இருக்கு. படிக்கிறவங்க மேல இல்ல."

இதை அவர் எல்லோருக்கும் சொல்வார். குழுக் கூட்டத்தில் சொன்னார். அவருக்கு நம்பிக்கையே அதுதான். நூலகத்தில் இருந்தபோது ஒரு பையன் புத்தகத்தைத் தவறான அலமாரியில் வைத்தால் அவர் பையனை விட்டுவிட்டு அலமாரியின் சீட்டைத் திருத்துவாராம்.

இனி அந்த இரண்டாம் படியைச் சொல்ல வேண்டும்.

துடைப்பத்தின் பழைய, இரண்டாவது வடிவத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. டிப்போவின் குறியை மட்டும் தட்டினால் அந்த டிப்போவின் எல்லாப் பதிவுகளையும் பட்டியலாகக் காட்டும். தொடாது, காட்டும் அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டுத் தேதியைச் சேர்த்துப் பட்டியலைக் குறுக்கி, கடைசியில் 'உறுதி' என்ற சொல்லையும் சேர்த்தால்தான் நிஜமாக நீக்கும். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைத் தட்டுவது கேலமுக்குச் சலித்துப்போயிருந்தது. அதைவிட, அவன் எழுதி வைத்திருந்த இரவுநேரத் தானியங்கி வேலைகளில் அது இடைஞ்சலாக இருந்தது. அடுத்த வடிவத்தில், அதாவது மூன்றில், அதைத் திருப்பிப்போடப் போவதாக ஒரு காலைக் கூட்டத்தில் சொன்னான். இனிமேல் தட்டினால் நீக்கிவிடும். பார்க்க மட்டும் வேண்டுமென்றால்தான் 'முன்னோட்டம்' என்று தனியாகத் தட்ட வேண்டும்.

யாரும் தலை நிமிரவில்லை. லோர்னா எழுதிக்கொண்டார். அன்று மாலையே வழிகாட்டியில் இரண்டாம் படியாக இதைச் சேர்த்தார்:

'துடைப்பத்தின் வடிவ எண்ணைக் கேட்டுப் பார்க்கவும். முதல் எண் 3 என்று வந்தால் நிறுத்தவும். இந்த வழிகாட்டி உங்களுக்கானது அல்ல. கேலமைக் கேட்கவும்.'

குழுவினர் சேர்ந்து எழுதும் விக்கிப் பக்கத்தில்தான் வழிகாட்டி இருந்தது. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு கேலமுடையது. அவன் முழுவதும் படித்தானா என்று தெரியாது. ஆனால் இந்தப் படியின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினான்: 'மூன்று இன்னும் வரவில்லை. வரும்போது நானே இதைத் திருத்துவேன். இந்தப் படி ஆட்களைப் பயமுறுத்துகிறது, ஒரு பக்கத்துக்கும் மீறுகிறது. எடுத்துவிடுங்கள்.'

லோர்னா அதன் கீழே எழுதினார்: 'வெளியிடும் நாளில் மறந்துவிட்டால்?'

அவன்: 'மறக்க மாட்டேன் டீச்சர்.' பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். பிறகு 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினான். அதை அழுத்திவிட்டால் குறிப்பு பக்கத்திலிருந்து மறைந்துவிடும். அழியாது. மேலே மூலையில் மூன்று புள்ளி, அதற்குள் 'முடிந்த குறிப்புகள்', அங்கே போய்த் திறந்தால் தெரியும். யாரும் திறப்பதில்லை.

லோர்னா படியை எடுத்தார். பத்தாவது வாரம். அவன் சரி என்று சொன்னால்தான் வழிகாட்டி வெளியாகும். வழிகாட்டி வெளியானால்தான் வேலை. இதை நான் குறை சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை கேலம் மூன்றாம் வடிவத்தை வெளியிட்டான். பழைய கணினிகளில் அவரவர் புதுப்பிக்கும்வரை இரண்டாம் வடிவம்தான் இருக்கும், யாரும் புதுப்பிக்கவில்லை. என் மடிக்கணினியின் திரையில் கோடு விழுந்து, அந்த வாரம் எனக்குப் புதியதைக் கொடுத்திருந்தார்கள். புதிய கணினியில் எல்லாமே ஆகப் புதிய வடிவமாகத்தான் ஏறும்.

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு, ஹூவன் டிப்போவைக் கூட்டித் தள்ள வேண்டிய முறை எனக்கு. வழிகாட்டியை அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மலையில் பனி, ஜன்னல் முழுக்க வெளிச்சம். முதல் படி, உள்ளே நுழைந்தேன். இரண்டாம் படி, டிப்போவின் குறியைத் தட்டினேன். 'சரியாகச் செய்திருந்தால் எல்லாப் பதிவுகளின் பட்டியலும் தெரியும்' என்று தாளில் இருந்தது. பட்டியல் வரவில்லை. ஒரே ஒரு வரி வந்தது. 212 பதிவுகள் நீக்கப்பட்டன.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாளை மறுபடி படித்தேன். தாளில் சொன்னபடிதான் செய்திருந்தேன்.

ஓட்டுநர்களின் பலகைக் கணினிகளில் அன்றைய மீதிப் பயணப் பட்டியல் முழுவதும் வெறுமையானது. முந்தின நள்ளிரவு எடுத்த நகலிலிருந்து பதிவுகளைத் திரும்பக் கொண்டுவர மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அன்று காலையில் புதிதாகப் பதிந்தவர்கள் நகலில் இல்லை. அவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் தேடினோம். கீவ்ஸ்டனில் டோரீன் என்கிற அம்மா, சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவர், கம்பளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டருகே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய நேரம் போய்விட்டது. மறுநாள் காலைக்குத்தான் மாற்ற முடிந்தது. நான்தான் அவரிடம் பேசினேன்.

"வண்டி வரும் வரும்னு உள்ளயே போகல கண்ணு. உள்ள போனா ஹாரன் அடிச்சுட்டுப் போயிடுவாங்களோன்னு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுப்பாவது பத்தவெச்சிருப்பேன்."

"மன்னிச்சிருங்க."

"நீயா பண்ணின?"

"எங்க சிஸ்டத்துல ஒரு கோளாறு" என்றேன்.

நான்கு மணிக்கு எல்லாம் ஓய்ந்தது. கேலம் எழுந்து தன் மேசையிலிருந்த பிசாசைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். என் பக்கம் நடந்து வந்தான். நான் கையை நீட்டக்கூடத் தயாராக இருந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போனான். லோர்னாவின் மேசையில், விசைப்பலகையின் மேல், பல்லைக் காட்டும் முகம் அவரைப் பார்க்கும்படி வைத்தான்.

"டெஸ் பாவம், தாள்ல இருந்ததைத்தான் செஞ்சா. நீங்கதானே டீச்சர் சொல்வீங்க, தப்பு தாள்லதான் இருக்கும்னு?"

யாரோ ஒருவர் மேசையைத் தட்ட ஆரம்பித்தார். பிறகு எல்லோரும். நானும் தட்டினேன். விளையாட்டுத்தான்.

லோர்னா பொம்மையை எடுத்து, விசைப்பலகையின் ஓரமாக, சாயாமல் உட்காரவைத்தார். "சரி" என்றார்.

மறுநாள் மதியம் சமையலறையில் என்னிடம் வந்தார். சூப் பொட்டலம் பிரிக்காமல் கையில் இருந்தது.

"டெஸ், முடிஞ்ச குறிப்புகளைத் திறந்து பாரு. ரெண்டாம் படியோட குறிப்பு. உனக்கு அனுப்பியிருக்கேன்."

"பார்த்தேன்."

"நாளைக்குக் கூட்டத்துல அதை நீ காட்டறியா?"

"நீங்களே காட்டலாமே?"

"நான் காட்டினா சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும். மாட்டிக்கிட்டவ தப்பிக்கப் பார்க்கறான்னு தோணும். நீ காட்டினா அது வெறும் விவரம். நீ செஞ்சவ. உனக்கு என்ன ஆச்சுன்னு நீ சொல்லலாம்." பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரோரிகிட்ட சொல்லிட்டேன். வேலை கிடைச்ச மாதிரின்னு. சொல்லியிருக்கக் கூடாது."

"காட்டறேன்" என்றேன்.

சொன்னபோது அதை நிஜமாகத்தான் சொன்னேன். மாலையில் லிஃப்டில் ஜோசலின் கூட வந்தாள். "உன் ஒப்பந்த விஷயம் வெள்ளிக்கிழமை முடிவாகுது" என்றாள். "கேலம் உன்னைப் பத்தி ரொம்ப நல்லா சொல்றான். நேத்து பதறாம வேலை பார்த்தேன்னு." அவள் மிரட்டவில்லை. அவளுக்கு அந்தக் குறிப்பைப் பற்றித் தெரியவே தெரியாது. அவள் அன்பாகத்தான் சொன்னாள்.

எங்கள் தொழிலில் பதிவுகள் கெட்டால் பழி சொல்லாத கூட்டம் என்று ஒன்று நடக்கும். யார் செய்தார் என்று கேட்கக் கூடாது. எது நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான். பெயர் சொல்லக் கூடாது. நல்ல பழக்கம் அது. ஆட்கள் பயந்து உண்மையை மறைக்கக் கூடாது என்பதற்காக வந்தது.

புதன்கிழமை பத்து மணிக்கு எட்டுப் பேர் உட்கார்ந்தோம். ஜோசலின் திரையில் எழுதிக்கொண்டே வந்தாள். 10:20, ஒரு பொறியாளர் வழிகாட்டியைப் பின்பற்றினார். 10:20, 212 பதிவுகள் நீங்கின. காரணம்?

"வழிகாட்டி பழைய வடிவத்துக்கு எழுதப்பட்டிருந்தது" என்றான் கேலம். குரலில் வருத்தம்கூட இருந்தது. "கருவி மாறினது ஆவணத்துல வரல. அவ்வளவுதான்."

ஜோசலின் எழுதினாள். காரணம்: ஆவணம்.

லோர்னா என்னைப் பார்த்தார். அந்தக் குறிப்பு என் கணினியில் திறந்தே இருந்தது. அறையின் திரையோடு இணைக்க ஒரு கேபிளைச் செருகினால் போதும். கேபிள் மேசை மேல் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது.

நான் தண்ணீர் குடித்தேன்.

லோர்னா காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். எங்கள் ஒவ்வொருவர் பின்னாலும் பேசாமல் உட்கார்ந்து, நாங்களாகச் செய்கிறோமா என்று பார்த்தவர் அவர். பிறகு தொண்டையைச் செருமினார்.

"வடிவ எண்ணைப் பார்க்கச் சொல்லி ஒரு படி இருந்தது" என்றார். "அதை எடுக்கச் சொன்னாங்க."

"யாரு?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள்.

லோர்னா கேலமின் பக்கம் திரும்பினார். வாயைத் திறப்பதற்குள் ஜோசலின் கையை உயர்த்தினாள். மிகவும் மென்மையாக, நோயாளியிடம் பேசுவதுபோல்.

"லோர்னா, லோர்னா. இங்க நாம பேர் சொல்றதில்ல. உங்களுக்கு இது முதல் கூட்டம், பரவாயில்ல. யார் மேலயும் பழி போட வேண்டாம். உங்க மேலயும் யாரும் போடல."

"பழி போடல. என்ன நடந்ததுன்னு..."

"அதைத்தான் எழுதியிருக்கோம். ஆவணம். ஆள் இல்ல."

அந்த ஆவணத்தை எழுதியவர் அறையில் ஒருவர்தான் இருந்தார்.

"டீச்சரே சொன்னதுதானே" என்றான் கேலம். "படிக்கிறவங்க மேல தப்பில்ல. நான் அதை ரொம்ப மதிக்கறேன்." ஒன்றிரண்டு பேர் புன்னகைத்தார்கள். ஜோசலினும்.

லோர்னா மறுபடி என்னைப் பார்க்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, நோட்டைத் திறந்து, ஒரு வரியும் எழுதாமல் மூடினார்.

இனிச் செய்ய வேண்டியவை என்று ஜோசலின் கடைசியில் எழுதினாள். ஒன்று, வழிகாட்டியைத் திருத்துதல். பொறுப்பு: லோர்னா. தேதி: வெள்ளி. செய்ய வேண்டியவை பகுதியில் பெயர் போடலாம். அங்கே பெயர் போட்டே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை லோர்னாவைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம். நிரந்தர வேலைக்கு இந்த முறை யாரையும் எடுக்கவில்லை என்று சொன்னார்களாம். சம்பவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் சொன்னார்களாம். பயிற்சி அதே நாளோடு முடிந்தது. பன்னிரண்டாவது வாரம் அதுதான். எனக்குப் பதினோரு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு வருட நீட்டிப்பு.

வெளியே வந்த லோர்னா நேராகத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து வழிகாட்டியைத் திறந்தார். போய்விட்டிருக்கலாம். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐந்து மணிவரை உட்கார்ந்து அதை மூன்றாம் வடிவத்துக்கு மாற்றி எழுதினார். ஒவ்வொரு படியையும் தானே சோதனைக் கணினியில் தட்டிப் பார்த்தார். 'முன்னோட்டம்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டார். இரண்டாம் படியை அதே இடத்தில் திரும்ப வைத்தார், எண்ணை மட்டும் மாற்றி: 'முதல் எண் 3 இல்லை என்றால் நிறுத்தவும்.' அதற்குக் கீழே, மற்ற படிகளில் இருப்பதுபோல், என்ன தெரியும் என்ற வரி. வழிகாட்டி ஒரு பக்கத்தைத் தாண்டி இரண்டு வரி போயிற்று. இந்த முறை யாரும் கேட்கவில்லை.

கேலம் நாலே முக்காலுக்கு ஒப்புதல் கொடுத்தான். அவன் குறிப்பை நான் படித்தேன்: 'இப்போது ரொம்பத் தெளிவாக இருக்கிறது. இரண்டாம் படி அருமையான யோசனை.' சிரிக்கும் முகம்.

வழியனுப்ப ஒரு கேக் வாங்கியிருந்தார்கள். காரட் கேக். லோர்னா எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஒரு துண்டைக் காகிதத் துவாலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கிளேர்மான்ட் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். கதவருகே நான் நின்றிருந்தேன். நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது.

"லோர்னா, நான்..."

"புதுக் கணினியில திரை வெளிச்சம் அதிகமா இருக்கு டெஸ். குறைச்சுக்க. கண்ணு போயிடும்" என்றார். போனார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தபோது பிசாசு என் மேசையில் இருந்தது. வெள்ளிக்கிழமை நான் கேக்குக்குப் போயிருந்தபோது லோர்னா வைத்திருக்க வேண்டும், நான் அன்று மேசைக்குத் திரும்பாமலேயே வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கப்படி கடைசியாக வைத்திருந்தவர் அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார். அதில் பிழை எதுவும் இல்லை. கூடத் துண்டுச் சீட்டு, குறிப்பு எதுவும் இல்லை. இடது காதைத் தைத்திருந்தார். கறுப்பு நூல், நெருக்கமான சிறு தையல்கள், பஞ்சு உள்ளே போய்விட்டது.

"ஓ, உன்கிட்ட வந்துடுச்சா?" என்றான் கேலம் போகிற போக்கில். "டீச்சருக்கு விளையாட்டோட விதியே புரியல. நீ எதுவும் கெடுக்கலியே."

"இல்ல" என்றேன்.

அவன் மேசையைத் தட்டவில்லை. யாரும் தட்டவில்லை. வேண்டுமானால் அதைக் கொண்டுபோய் அவன் மேசையிலேயே வைத்திருக்கலாம். அதற்கு ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. மேற்கு ஹோபார்ட்டில் ஒரு அறை பிடித்திருக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஹூவன் என் முறை வரும். வழிகாட்டியைத் திறப்பேன். மேலே எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கணக்கை மூடிவிட்டதால், 'முன்னாள் பயனர்' என்று மட்டும் விக்கி காட்டுகிறது. சரிபார்த்தவர் பெயர் அப்படியே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைக் கேலம் எழுதியது என்றே நினைக்கிறார்கள். அவன் மறுப்பதில்லை, ஒத்துக்கொள்வதும் இல்லை. திருத்திய வழிகாட்டி வந்த பிறகு ஒரு பதிவுகூடக் கெடவில்லை. அதனால் பொம்மையும் நகரவில்லை.

இரண்டாம் படியில் நிற்பேன். வடிவ எண்ணைக் கேட்பேன். மூன்று என்று வரும். திரையிலிருந்து கண்ணை எடுத்தால் எதிரே அது பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இரண்டு காதோடும்.